நடப்புக் கணக்கில் வங்கி பிடித்த 2,135 ரூபாய் 80 பைசா: எது முறை, எதைத் திரும்பக் கேட்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 72. கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி பதிவு உண்டு. 2025 செப்டம்பர் மாத ஸ்டேட்மென்ட்டில் சிறுசிறு தொகைகளாக மொத்தம் 2,135 ரூபாய் 80 பைசா பிடித்திருக்கிறார்கள். MAB, CSH HNDL, O/W RTN, ACH D, LF என்றெல்லாம் போட்டிருப்பது எனக்கும் புரியவில்லை, கடையில் கணக்கு எழுதும் பையனுக்கும் புரியவில்லை. கிளையில் கேட்டால் "கம்ப்யூட்டர் தானாகப் பிடிக்கிறது ஐயா" என்கிறார்கள். கடன் தவணை 10ஆம் தேதி திரும்பியது தெரிந்ததும் மறுநாளே நிதி நிறுவனத்துக்கு நேரில் போய் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கினேன். அதற்குப் பிறகும் பிடித்திருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரரோ, மினிமம் பேலன்ஸ் அபராதத்தையே எடுத்துவிட்டார்கள் என்கிறார். ஸ்டேட்மென்ட் நகலையும், வங்கியில் கொடுத்த கட்டணப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். எது நியாயம், எதைத் திரும்பக் கேட்கலாம்?
— பாத்திரக் கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: மதிப்பிற்குரிய ஐயா,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகைக்குள் ஆறு கட்டணங்களும் அவற்றின் மேல் வரியும் இருக்கின்றன. ஆறில் நான்கை வங்கி தன் பட்டியலின்படி சரியாகத்தான் பிடித்திருக்கிறது. ஒன்றை வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். இன்னொன்றை வங்கியிடம் கேட்டுப் பயனில்லை, நிதி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். வரியைப் பொறுத்தவரை, உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருப்பதால், ஒரு சிறிய வேலையை முடித்துவிட்டால் அது உங்கள் கைக்கு நட்டமாக நிற்காது.

"கம்ப்யூட்டர் பிடிக்கிறது" என்ற பதிலோடு நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்குப் புரியாத பதிவுகளைப் பாஸ்புத்தகத்திலும் ஸ்டேட்மென்ட்டிலும் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நீண்ட காலமாகவே வங்கிகளுக்கு அறிவுறுத்தி வந்திருக்கிறது. 2017 ஜூன் மாதம் அது அனுப்பிய சுற்றறிக்கையில், கட்டணம் பிடித்தால் அது எவ்வகைக் கட்டணம், எதற்காகப் பிடிக்கப்பட்டது, காசோலை திரும்பியதற்காக என்றால் அந்தக் காசோலையின் எண் என்ன என்பன போன்ற விவரங்கள் பதிவிலேயே இருக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. கிளைக்குப் போகும்போது தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் கட்டணம் தொடர்பான வரிகளை மட்டும் எடுத்துக் கீழே தருகிறேன். ஒவ்வொரு கட்டணத்துக்கும் அடுத்த வரியில் GST என்று 18 சதவீதம் தனியாக வந்திருக்கிறது. இடத்தைக் கருதி அந்த வரிகளை விட்டிருக்கிறேன்.

```
02/09 MAB CHG AUG25            300.00 DR
02/09 CSH HNDL CHG AUG25       120.00 DR
09/09 BY CLG 004517         38,500.00 CR
10/09 O/W RTN 004517        38,500.00 DR
10/09 O/W RTN CHG              150.00 DR
10/09 ACH D RTN CHG            500.00 DR
13/09 ACH D RTN CHG            500.00 DR
30/09 LF CHG JUL-SEP           240.00 DR
```

கடைசியில் நிற்கும் DR, CR என்பவற்றை உங்கள் கடைப் பேரேட்டோடு ஒப்பிட்டால் குழப்பம் வரும். நீங்கள் வங்கியில் பணம் கட்டினால் உங்கள் பேரேட்டில் வங்கிக் கணக்கைப் பற்று எழுதுவீர்கள். வங்கியோ தன் புத்தகத்தில் உங்கள் பெயரில் வரவு வைக்கும். ஸ்டேட்மென்ட் வங்கியின் புத்தகத்திலிருந்து எடுத்த நகல் என்பதால், அதில் DR என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது, CR என்றால் வந்திருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியில் உள்ள MAB என்பது மாதச் சராசரி இருப்பு. உங்கள் கணக்கு வகைக்கு அது 20,000 ரூபாய் என்று பட்டியலில் இருக்கிறது. மாதக் கடைசி நாளில் இருபதாயிரம் இருந்தால் போதும் என்று பல வியாபாரிகள் நினைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் ஆகஸ்ட் 26ஆம் தேதி 35,000 ரூபாய் கட்டி, மாத முடிவில் 41,000 ரூபாய் வைத்திருந்தீர்கள். ஆனாலும் அபராதம் வந்திருக்கிறது. காரணம், வங்கி பார்ப்பது ஒரு நாள் இருப்பை அன்று. மாதத்தின் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் கணக்கில் எவ்வளவு நிற்கிறதோ அதையெல்லாம் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறார்கள். விடுமுறை நாளுக்கு அதற்கு முந்தைய நாள் இருப்பே எடுத்துக்கொள்ளப்படும். காலையில் ஒரு லட்சம் கட்டி மாலைக்குள் மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிட்டால், அந்த ஒரு லட்சம் சராசரியில் சேரவே சேராது. உங்கள் கணக்கில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஆகஸ்ட் மாதத்துக்கு நான் போட்ட கணக்கைச் சில்லறையை விட்டுச் சொல்கிறேன். முதல் 10 நாட்கள் இரவு இருப்பு 18,000 ரூபாய். பத்துப் பதினெட்டாயிரம் என்றால் 1,80,000. அதன்பின் 11 முதல் 25 வரை 15 நாட்கள் 6,000 ரூபாய்தான் நின்றிருக்கிறது. அது 90,000. 26 முதல் 31 வரை 6 நாட்கள் 41,000 ரூபாய். அது 2,46,000. மூன்றையும் கூட்டினால் 5,16,000. அதை 31 நாட்களால் வகுத்தால் சராசரி 16,645 ரூபாய். இருபதாயிரத்துக்கு 3,355 ரூபாய் குறைகிறது. பட்டியலின்படி இந்தக் குறைவுக்கு 300 ரூபாய் கட்டணம், அதன்மேல் வரி 54 ரூபாய். வங்கியின் கணக்கில் தவறு இல்லை.

ஆனால் இதே கணக்கிலிருந்து உங்களுக்குப் பயனுள்ள ஒன்று தெரிகிறது. அந்த 35,000 ரூபாயை 26ஆம் தேதிக்குப் பதிலாக 22ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கட்டியிருந்தால் (23 நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை), நான்கு நாட்களுக்கு 35,000 வீதம் 1,40,000 கூடி, மொத்தம் 6,56,000 ஆகியிருக்கும். சராசரி 21,161 ரூபாய். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடாமல், நான்கு நாள் முன்னதாகக் கட்டியிருந்தாலே அபராதம் வந்திருக்காது. மாதத்தின் 15ஆம் தேதியன்று அதுவரையிலான இரவு இருப்புகளைக் கூட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் கணக்கு எழுதும் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். 31 நாள் மாதத்தில் மொத்தம் 6,20,000 வர வேண்டும். பாதி மாதத்தில் எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிந்தால், மீதி நாட்களில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது உங்கள் கணக்குக்குப் பொருந்தாது. 2025ஆம் ஆண்டில் சில பொதுத்துறை வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை நீக்கியது சேமிப்புக் கணக்குகளுக்கு. அதேபோல், குறைவு எவ்வளவோ அதற்கேற்றபடிதான் அபராதம் பிடிக்க வேண்டும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அபராதத்தாலேயே இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடக் கூடாது என்று 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளும் சேமிப்புக் கணக்கைப் பற்றியவையே. வியாபாரத்துக்கான நடப்புக் கணக்கில் வங்கி தன் பட்டியலில் எழுதி வைத்திருப்பதே அளவுகோல். எனவேதான் அந்தப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுமாறு வயதான வியாபாரிகள் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன். நான் கேட்காமலே நீங்கள் அதை வாங்கி அனுப்பியது மிகவும் நல்லது.

CSH HNDL CHG பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கட்டும் ரொக்கத்தை எண்ணிச் சரிபார்ப்பதற்கு வாங்கும் கட்டணம் அது. உங்கள் கணக்கில் மாதம் 2 லட்ச ரூபாய் வரை ரொக்கம் கட்டுவது இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு 2 ரூபாய். ஆகஸ்டில் 2,60,000 கட்டியிருக்கிறீர்கள். மிகை 60,000க்கு 120 ரூபாய், வரி 21 ரூபாய் 60 பைசா. சரியாக இருக்கிறது. பண்டிகை மாதங்களில் இது கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 9, 10, 13 ஆகிய தேதிகளின் வரிகளுக்கு வருகிறேன். உங்களுக்கு அதிகமாகச் செலவு வைத்தது இந்த இடம்தான். வெவ்வேறு கட்டணங்களாகத் தெரிந்தாலும், இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே காசோலை.

CLG என்றால் காசோலைப் பரிமாற்றம். செப்டம்பர் 9ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் கொடுத்த 38,500 ரூபாய்க் காசோலையைக் கட்டியிருக்கிறீர்கள். அன்றே BY CLG என்று வரவு விழுந்திருக்கிறது. அதற்கு முன்பு கணக்கில் இருந்தது 5,900 ரூபாய். வரவைச் சேர்த்து 44,400 இருப்பதாகக் காட்டியதால், மறுநாள் எடுக்கப்படவிருந்த 12,400 ரூபாய்த் தவணைக்குப் பணம் இருக்கிறது என்று நீங்கள் நம்பியது இயல்பே. ஆனால் காசோலை எழுதியவரின் வங்கி அதை ஏற்றுக்கொள்ளும்வரை, அந்த வரவு நீங்கள் எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் ஆவதில்லை. 10ஆம் தேதி அவர் கணக்கில் பணம் இல்லை என்று காசோலை திரும்பியது. O/W RTN 004517 என்ற வரியில் வரவு வைத்த தொகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இருப்பு மறுபடியும் 5,900க்கு வந்தது. அதே நாளில் தவணைக்கான கோரிக்கை வந்து, பணம் போதாமல் அதுவும் திரும்பியது. ஆக, காசோலை திரும்பியதற்கு 150 ரூபாய், தவணை திரும்பியதற்கு 500 ரூபாய், இரண்டின் மேலும் வரி.

O/W என்ற எழுத்துகளைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கியிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட காசோலை, அதாவது பிறர் உங்களுக்குக் கொடுத்து நீங்கள் கட்டிய காசோலை திரும்பியிருக்கிறது என்று பொருள். அதற்குப் பதிலாக I/W RTN என்று இருந்தால், நீங்கள் பிறருக்குக் கொடுத்த காசோலை உங்கள் கணக்கில் பணமில்லாமல் திரும்பியிருக்கிறது. அதற்குக் கட்டணம் பொதுவாகப் பல மடங்கு அதிகம், சட்டச் சிக்கலும் உண்டு. இந்த ஓர் எழுத்து வேறுபாட்டை ஸ்டேட்மென்ட் வந்தவுடனே பார்த்துவிட வேண்டும்.

உங்கள் காசோலைக்கு 150 ரூபாய் பிடித்தது சரியா என்றால், திரும்பிய காரணத்தைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் மீது தவறு இருந்தால் மட்டுமே காசோலை திரும்பியதற்குக் கட்டணம் வாங்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. காசோலையின் படம் தெளிவாக இல்லை, வங்கியின் முத்திரை சரியில்லை என்பன போன்ற, வங்கிகளுக்கு இடையிலான தொழில்நுட்பக் காரணத்தால் திரும்பியிருந்தால் உங்களிடம் ஒரு காசுகூட வாங்கக் கூடாது. அப்படிப்பட்ட காசோலையை வங்கியே மறுபடியும் அனுப்ப வேண்டும். உங்கள் காசோலையோடு வந்த திரும்பல் சீட்டில் 'பணம் போதவில்லை' என்ற காரணமே இருப்பதால், இந்தக் கட்டணத்தை வங்கியிடம் வாதாட இடமில்லை. காசோலை கொடுத்தவரிடம் 38,500 ரூபாயோடு சேர்த்து, இந்த 150 ரூபாயையும் வரி 27 ரூபாயையும் கேட்டு வாங்குவதே முறை. அவர் இழுத்தடித்தால், திரும்பிய செய்தி உங்களுக்கு வந்து 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பினால்தான் காசோலை மோசடி வழக்குக்கு வழி இருக்கும். ஆகவே அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் நாள் முழுதும் தொடர்ச்சியாகப் பரிமாறப்படுகின்றன. பகலில் குறித்த நேரத்துக்குள் அனுப்பப்படும் காசோலைகளுக்கு, எழுதியவரின் வங்கி அன்றே மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனவே செப்டம்பரில் உங்களுக்கு நேர்ந்ததுபோல ஓர் இரவு முழுதும் 'இருப்பதுபோல் காட்டும்' பணத்தை நம்பியிருக்கும் நிலை இப்போது குறைந்திருக்கிறது. இருந்தாலும் தவணை நாளுக்கு முந்தைய நாள் காசோலையை நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். கிளையில் இருப்பு கேட்கும்போது, மொத்த இருப்பு எவ்வளவு என்று கேட்காமல், எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்தான் தவணைக்கு உதவும்.

ACH D என்பது தேசியப் பணப்பட்டுவாடா நிறுவனத்தின் வழியாக, நீங்கள் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதலின் பேரில், கடன் கொடுத்தவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும் தொகை. (ACH C என்று இருந்தால் அதே வழியில் உங்களுக்கு வரும் பணம். பங்கு ஈவுத்தொகை போன்றவை அப்படி வரும்.) முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலும் வங்கி விடுமுறையிலும் தவணை எடுக்க மாட்டார்கள். 2021 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்களிலும் எடுக்கிறார்கள். 13ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமையாக இருந்தும் உங்கள் கணக்கில் வரி விழுந்தது அதனால்தான்.

10ஆம் தேதிக் கட்டணம் முறையானது. 13ஆம் தேதி வந்ததைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலில் எனக்கு எழுந்த ஐயம், வங்கி ஒரே திரும்பலுக்கு இரு முறை பிடித்துவிட்டதோ என்பது. அப்படி நடப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிதி நிறுவனத்திடம் உங்கள் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பாருங்கள். அதில் 10ஆம் தேதி மட்டும் தவணை திரும்பியதாக இருந்தால், இரண்டாவது 500 ரூபாய் வங்கியின் பிழை. இரண்டு தேதிகளும் இருந்தால், நிதி நிறுவனம் உண்மையிலேயே இரண்டு முறை கேட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய தாள்களின் கடைசிப் பக்கத்தில் இதற்கான விடை இருக்கிறது. அந்த நிறுவனம் 13ஆம் தேதி உங்கள் கைபேசிக்கு அனுப்பிய செய்தியை நீங்களே கையால் எழுதி வைத்திருக்கிறீர்கள்: "தங்கள் தவணை இரண்டாம் முறையும் திரும்பியது." ஆகவே வங்கி இரண்டு திரும்பல்களுக்கு இரண்டு கட்டணம் வாங்கியிருக்கிறது. வங்கி மீது குறை சொல்ல முடியாது.

ஆனால் 11ஆம் தேதியே ரொக்கமாகத் தவணையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்த நிறுவனம், கட்டப்பட்டுவிட்ட தவணைக்காக 13ஆம் தேதி மறுபடியும் கோரிக்கை அனுப்பியது அவர்கள் தவறு. ரசீதைப் பதிவு செய்வதற்கு முன்பே மறுகோரிக்கைப் பட்டியல் தயாராகிவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கான விலையை நீங்கள் ஏன் தர வேண்டும்? ரசீதின் நகலையும், 13ஆம் தேதி வரியை அடிக்கோடிட்ட ஸ்டேட்மென்ட் நகலையும் வைத்து, 500 ரூபாயும் வரி 90 ரூபாயும் சேர்த்து 590 ரூபாயை உங்களுக்குத் தருமாறோ, அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளுமாறோ அவர்களுக்கு எழுதுங்கள். கடன் கணக்கில் அவர்கள் தரப்பிலும் இரண்டாம் திரும்பலுக்கென்று அபராதம் போட்டிருந்தால், அதையும் நீக்கச் சொல்லுங்கள். இனிமேல் திரும்பிய தவணையை நேரில் கட்டும்போது, "மறுகோரிக்கை அனுப்ப வேண்டாம்" என்று அந்த ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசி வரியான LF CHG விஷயத்தில்தான் வங்கி தவறியிருக்கிறது. LF என்பது பேரேட்டுப் பக்கம். கையால் பேரேடு எழுதிய காலத்தில், ஒரு கணக்கு எத்தனை பக்கங்களை நிரப்பியதோ அதற்கேற்றபடி வாங்கிய கட்டணம் அது. கணினி வந்தபின்பும் அந்தப் பெயரோடே தொடர்கிறது. உங்கள் பட்டியலின்படி 40 பதிவுகள் ஒரு பக்கம். காலாண்டுக்கு முதல் 2 பக்கங்கள் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்கு 80 ரூபாய். ஜூலை முதல் செப்டம்பர் வரை உங்கள் ஸ்டேட்மென்ட்டில் 196 பதிவுகளை எண்ணினேன். அது 5 பக்கம். இரண்டு போக மூன்று பக்கத்துக்கு 240 ரூபாய் என்று பிடித்திருக்கிறார்கள்.

இதில் 124 பதிவுகள் UPI/CR என்று தொடங்குகின்றன. கடையில் க்யூஆர் அட்டை வைத்தபின் ஒரு கரண்டி, ஒரு டம்ளர் வாங்கியவர்கூடக் கைபேசியில் பணம் அனுப்புகிறார், ஒவ்வொன்றும் ஒரு வரி ஆகிறது. வியாபாரம் கூடாமலே பக்கம் கூடுவதற்குக் காரணம் இதுதான். உங்கள் வங்கியின் பட்டியலில், இந்தக் கட்டணத்துக்குக் கீழே சிறிய எழுத்தில், யுபிஐ வழியாக வரும் வரவுகள் பக்கக் கணக்கில் சேராது என்று ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. எல்லா வங்கிகளும் இப்படி விலக்கு தருவதில்லை, உங்கள் வங்கி தருகிறது. அந்த 124ஐக் கழித்தால் மிஞ்சுவது 72 பதிவுகள். 80 வரை இலவசம். அப்படியானால் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்கக் கூடாது.

இப்படி நேர்வதற்கு எனக்குத் தெரிந்த பொதுவான காரணம், பல ஆண்டுகளுக்கு முன் திறந்த கணக்கு இன்னும் பழைய வகைக் குறியீட்டில் இருப்பது. புதிய விதி புதிய வகைக்கு மட்டும் கணினியில் ஏற்றப்பட்டிருக்கும். எனவே பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு நில்லாமல், கணக்கின் வகையை இப்போதைய பட்டியலில் உள்ளதற்கு மாற்றும்படியும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் டிசம்பர் கடைசியில் இதே வரி மறுபடியும் வரும். ஏப்ரல்–ஜூன் காலாண்டின் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துப் பாருங்கள். அங்கும் LF CHG இருந்தால், அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

கிளைக்கு எழுதும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். இப்படி எழுதினால் போதும்: "எனது நடப்புக் கணக்கில் 30.09.2025 அன்று LF CHG என்று 240 ரூபாயும் ஜிஎஸ்டி 43 ரூபாய் 20 பைசாவும் பிடிக்கப்பட்டுள்ளன. தங்கள் கட்டணப் பட்டியலின் அடிக்குறிப்பின்படி யுபிஐ வரவுகள் 124ஐ நீக்கினால், இலவச வரம்புக்கு உட்பட்ட 72 பதிவுகளே உள்ளன. எனவே 283 ரூபாய் 20 பைசாவைத் திரும்ப வரவு வைக்கவும், எனது கணக்கின் வகையைச் சரிசெய்யவும் வேண்டுகிறேன்." இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது, இந்தத் தேதிதான் உங்களுக்குத் துணை.

அந்தத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் உங்களுக்கு நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஒரு வரம்பை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் அதிகமாக இருக்கிறது, குறைக்க வேண்டும் என்ற முறையீட்டை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது வங்கியின் வணிக முடிவு. தன் பட்டியலுக்கே மாறாக வங்கி பிடித்திருக்கிறது என்பது முறையீட்டுக்கு உரியது. உங்கள் LF விஷயம் இரண்டாம் வகை. MAB விஷயத்தை இதோடு சேர்த்து எழுதினால் நல்ல முறையீடும் வலுவிழக்கும்.

இனி ஜிஎஸ்டி. ஆறு கட்டணங்களும் சேர்ந்து 1,810 ரூபாய், அதன் 18 சதவீதம் 325 ரூபாய் 80 பைசா. நீங்கள் காம்போசிஷன் முறையில் இல்லாமல் வழக்கமான முறையில் வரி கட்டுபவராக இருந்தால், வியாபாரக் கணக்கில் வங்கி வாங்கும் இந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் ஜிஎஸ்டி எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் ஸ்டேட்மென்ட்டின் தலைப்பில் பெயர், முகவரி எல்லாம் இருந்தும் GSTIN என்ற இடம் காலியாக இருக்கிறது. அதாவது இத்தனை ஆண்டுகளாக வங்கி உங்களை வரிப்பதிவு இல்லாதவராகவே கருதி வந்திருக்கிறது. பதிவுச் சான்றிதழின் நகலோடு கிளையில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் எண்ணை ஏற்றிவிடுவார்கள். அதன்பின் மாதந்தோறும் வங்கி தரும் வரிப் பட்டியலின் தொகை, உங்கள் ஆடிட்டர் பார்க்கும் GSTR-2B என்ற அறிக்கையில் தானாக வந்து நிற்கும். அங்கே வராத தொகையை அவரால் கழிக்க முடியாது. முந்தைய மாதங்களுக்கான வரிப் பட்டியலையும் உங்கள் எண்ணோடு திருத்தித் தர முடியுமா என்று கிளையில் கேட்டுப் பாருங்கள். ஒரு நிதியாண்டின் உள்ளீட்டு வரியை அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்விட்டு வருவது நல்லது.

பணம் திரும்பி வரும்போது ஸ்டேட்மென்ட்டில் அது REV LF CHG என்பதுபோல வரும், எதிரில் CR இருக்கும். 240 ரூபாயோடு நின்றுவிட்டதா, வரி 43 ரூபாய் 20 பைசாவும் சேர்ந்து வந்ததா என்று பாருங்கள். கட்டணத்தை மட்டும் திருப்பிவிட்டு வரியை விட்டுவிடுவது கிளைகளில் அடிக்கடி நடக்கிறது. இரண்டும் வந்தபின் அந்தப் பக்கத்தின் நகலை ஆடிட்டரிடம் கொடுங்கள். செப்டம்பர் மாத வரியை அவர் ஏற்கெனவே கழித்திருந்தால், இந்த 43 ரூபாய் 20 பைசாவை அவர் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.